இரண்டு எளிய துண்டுகள் சேர்ந்தால் கடக்க முடியாத பாதை

(திரையில்: மதுரை வீதியைப் போல வரையப்பட்ட மூன்று தடங்கள், ஓடும் சிறுவன்.)

முடிவில்லா ஓட்ட விளையாட்டின் பாதையை யாரும் முழுதாக வரைந்து வைப்பதில்லை. 30 மீட்டர் நீளமுள்ள துண்டுகள் பலவற்றைக் கையால் அமைத்து வைத்துக்கொண்டு, ஓடுபவர் முன்னேற முன்னேற அவற்றில் ஒன்றைத் தேர்ந்து முன்னால் ஒட்டி, கடந்துபோனதைப் பின்னால் நீக்குகிறோம். நம் எடுத்துக்காட்டு விளையாட்டில் கீழ மாசி வீதியின் சரக்கு வண்டிகள் ஒரு துண்டு. யானைக்கல்லில் வாழைத்தார் இறக்கும் லாரி மற்றொன்று.

(திரையில்: இரு துண்டுகளும் ஒட்டப்படுகின்றன, நடுவே 10 மீட்டர்.)

தனித்தனியே சோதித்தால் இரண்டும் எளியவைதாம். ஆனால் கீழ மாசித் துண்டு முடிய 4 மீட்டர் இருக்கும்போது இடது தடம் மட்டுமே திறந்திருக்கிறது. யானைக்கல் துண்டு தொடங்கி 6 மீட்டரில் வலது தடம் மட்டுமே திறந்திருக்கிறது. ஆகவே ஓடுபவர் 10 மீட்டருக்குள் இரண்டு தடங்கள் மாறியாக வேண்டும். முதல் தடையைத் தாண்டிய பிறகே அடுத்தது கண்ணில் படுகிறது என்று கொண்டு, அதைப் பார்த்து விரலை அசைக்க 0.4 நொடியும், தடம் ஒவ்வொன்றுக்கும் 0.25 நொடியும் என்று வைத்தால் மொத்தம் 0.9 நொடி. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 9 மீட்டர் போதும் என்பதால் தப்பிவிடலாம்; வேகம் 18 ஆனதும் 16.2 மீட்டர் தேவைப்படுவதால், எத்தனை திறமைசாலியானாலும் மோதியே தீருவார். தொடக்க வேகத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது.

எனவே ஒவ்வொரு துண்டிலும் அதன் நுழைவுத் தடம், வெளியேறும் தடம், இரு முனைகளிலும் உள்ள வெற்று நீளம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, ஒட்டுவதற்கு முன் அப்போதைய வேகத்தில் இதைச் சரிபார்க்க வேண்டும். இதில் tail என்பது முந்தைய துண்டின் இறுதியில் உள்ள வெற்று நீளம், head என்பது அடுத்த துண்டின் தொடக்கத்தில் உள்ள வெற்று நீளம், speed என்பது வேகம், lanes என்பது மாற வேண்டிய தடங்களின் எண்ணிக்கை:

```
tail + head >= speed * (0.4 + 0.25 * lanes)
```

பொருந்தவில்லையென்றால் வேறு துண்டு. எதுவுமே பொருந்தவில்லையென்றால் தடையில்லாத வெற்றுத் துண்டு ஒன்றை இடையில் வைத்துவிடலாம், ஓடுபவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

(திரையில்: வேகமும் கடின எண்ணும் காட்டும் இரு கோடுகள்.)

கடினத்தை ஏற்றுவதிலும் இதே கணக்குத்தான் குறுக்கிடுகிறது. துண்டுகளுக்கு 1 முதல் 10 வரை கடின எண் கொடுத்து, தூரம் கூடக் கூட உயர்ந்த எண்களை அனுமதிப்பது வழக்கம். ஆனால் வேகம் கூடும்போது 3 என்று குறித்த துண்டே 5 போல ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒருசேர ஏற்றினால் மெதுவாக ஏற வேண்டிய கடினம் திடீரென்று செங்குத்தாகிவிடும். வேகம் ஏறும் வரை எண்ணை 1 முதல் 3-க்குள் நிறுத்தி, வேகம் 18-இல் நிலைத்த பிறகே எண்ணை ஏற்றுவது நல்லது என்பது என் கருத்து. அப்போதும் எளிய துண்டுகளை அடியோடு விலக்க வேண்டியதில்லை, குறைவாக வரச் செய்தால் போதும்.

(திரையில்: மோதல் பதிவு அட்டவணை.)

பிழை எங்கே என்று கண்டறிய, ஆட்டம் முடிந்த துண்டின் பெயரோடு அதற்கு முந்தைய துண்டின் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். யானைக்கல் துண்டின் முதல் சில மீட்டர்களில், கீழ மாசிக்குப் பின் வரும்போது மட்டும் மோதல்கள் குவிந்தால் குறை இணைப்பில் இருக்கிறது; முன்னால் எந்தத் துண்டு வந்தாலும் அதே இடத்தில் குவிந்தால், அந்தத் துண்டின் கடின எண்ணையே திருத்த வேண்டும்.