மணி அடிப்பதற்கு முன் ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவன் நான். எனக்குப் பிடிபட நாளான ஒரு விஷயத்தைப் பேசுகிறேன்: நாம் எடுக்கும் கேள்வித்தாளைப் பிள்ளைகள் நேரத்துக்குள் எழுதி முடிப்பார்களா என்று முன்கூட்டியே கணிப்பது.

ஒரு காலாண்டுத் தேர்வு. கேள்வித்தாள் நான் எடுத்தது. பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வி கிடையாது, அச்சுப்பிழையும் இல்லை. ஆனால் கடைசி மணி அடித்தபோது வகுப்பில் முதலாக வரும் பெண்ணே பாதி வரைந்த வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தாள். "சார், தெரியும் சார், நேரம்தான் இல்லை" என்றாள். அன்று ராத்திரிதான் அந்தத் தாளுக்கு நானே விடை எழுதிப் பார்த்தேன். தேர்வுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளுக்கு 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். படிக்கவும் விவரம் நிரப்பவும் தரும் 15 நிமிடம் தனி. 180 நிமிடத்தில் சரிபார்க்கவும் தாளைக் கட்டவும் 10 போனால் மிச்சம் 170. அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.7 நிமிடம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எட்டரை நிமிடம்தான் வருகிறது.

இந்தச் சராசரியை மட்டும் பார்த்தால் எல்லாத் தாளும் சரியாகத்தான் தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். நான் செய்வது இதுதான்: கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எழுதுவதுபோல ஒரு படி விடாமல் விடை எழுதுவேன். மனக்கணக்காகத் தாண்டிப் போகக் கூடாது. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதென்றால் உதவிப்படம், பென்சில் சீவுவது உட்பட எல்லாம் சேர்த்தி. எனக்கு ஆன நேரத்தை மூன்றால் பெருக்குவேன். இந்த மூன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் வகுப்புகளைப் பார்த்து நான் பிடித்த எண். உங்கள் வகுப்புக்கு இரண்டரையாகவும் இருக்கலாம். மொழித்தாளுக்கு இது உதவாது. அங்கே கை ஓடும் வேகம்தான் கணக்கு, எழுத வேண்டிய வரிகளை எண்ண வேண்டும்.

அந்தக் காலாண்டுத் தாளுக்கு எனக்கு ஆனது 64 நிமிடம். மூன்றால் பெருக்கினால் 192. கையில் இருப்பதோ 170. ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கும் 18 நிமிடத்தில் முடிகின்றன, அங்கே லாபம்தான். அந்த லாபத்தையும் மேலும் கொஞ்சத்தையும் சேர்த்து விழுங்கியது ஐந்து மதிப்பெண் பகுதி.

அதிலும் ஒரு திட்ட விலக்கக் கேள்வி. பத்து எண்கள், கூட்டுத்தொகை 383. சராசரி 38.3. ஒவ்வொரு விலக்கத்திலும் தசமம், அதை வர்க்கப்படுத்தினால் இரண்டு தசமம், கால்குலேட்டர் கிடையாது. எனக்கே ஆறு நிமிடம் ஆனது, அப்படியானால் பிள்ளைக்கு 18. எட்டரை நிமிடம் வைத்த இடத்தில் 18! ஊகச் சராசரி முறையில் போட்டால் தசமத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்தான். ஆனால் பதற்றத்தில் அது எத்தனை பேருக்குத் தோன்றும்?

கேள்வியை எடுத்துவிட வேண்டியதில்லை, எண்களை மாற்றினால் போதும். 12, 15, 18, 21, 24, 30 என்று ஆறு எண்கள். சராசரி 20. விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 210, ஆறால் வகுத்தால் 35, அதன் வர்க்கமூலம். சோதிக்க வேண்டிய அறிவு அப்படியே இருக்கிறது, குறைந்தது பெருக்கல் மட்டும். எனக்கு மூன்று நிமிடம், பிள்ளைக்கு ஒன்பது. இதேபோல இணைந்த உருவத்தின் கன அளவில் ஆரம் 4.1 என்றிருந்ததை 7 ஆக்கினேன், 22/7 உடனே அடிபட்டுப் போனது, இரண்டு நிமிடம் மிச்சம். ஒரு சமன்பாட்டில் இரண்டு, வரைபடத்தில் அளவுத்திட்டத்தைக் கொடுத்துவிட்டதில் ஒன்று. ஆக 64, 56 ஆனது. பெருக்கினால் 168. இது முன்பே நடந்திருந்தால் அந்தப் பெண் வரைபடத்தை முடித்திருப்பாள்.

கணிப்பு சரியா என்பதை விடைத்தாள் கட்டு காட்டிக்கொடுக்கும். வெறும் கேள்வி எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, பல பிள்ளைகள் வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு மற்றதற்கு வருவார்கள். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நன்றாகப் படிக்கிறவர்களின் தாளில் அங்கே விடை பாதிப் படியில், கோணல் எழுத்தில் நின்றால் நேரம் போதவில்லை. தாள் நடுவே ஒரே கேள்வியைப் பலரும் விட்டிருந்தால் நேரத்தின்மேல் பழி போடாதீர்கள், அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். நான் அந்தக் கட்டை மறுபடி பிரித்துப் பார்த்தபோது, முதல் பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கடைசிப் பக்கம் பாதியில் நின்றிருந்தது.