ஜாயினிங் டேட்டை தள்ளிக் கேக்கறதும் நோட்டீஸ் பைஅவுட்டும்: சவுத் ஆப்பிரிக்கால எப்படி பேசணும்

[திரையில்: ஒரு கான்ட்ராக்ட் பக்கம், நடுவுல ஒரு வரி மட்டும் மஞ்சள்ல]

எல்லாருக்கும் வணக்கம். நான் டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், பல வருஷமா பேரோல், அதாவது கம்பெனிகளோட சம்பளக் கணக்கு வேலைதான் பாக்கறேன். புது வேலை கிடைச்சு எங்கிட்ட வர்றவங்க முதல்ல கேக்கறது சம்பளத்தைப் பத்திதான், ஆனா மாட்டிக்கறது என்னவோ சேர்ற தேதியிலதான். இந்த வீடியோல ஒரே ஒரு கேஸ் எடுத்து அதை முழுசா பாத்துடலாம்.

எங்க தெருவுல ஒரு தம்பி, ஒரு சரக்கு கம்பெனில மூணு வருஷமா இருந்தாரு, மாசம் 42,000 ரேண்ட். 2025 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை, புது கம்பெனிலேர்ந்து 50,000-க்கு ஆஃபர் லெட்டர் வந்துச்சு. அதுல சேர்ற தேதி செப்டம்பர் 1-ன்னு போட்டிருந்தாங்க. ஏன்னா ரெக்ரூட்டர் போன்ல கேட்டப்ப தம்பி "எனக்கு ஒரு மாச நோட்டீஸ்"னு சொல்லியிருக்காரு, அவங்களும் அடுத்த மாசம் வந்துடுவாருன்னு எழுதிட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே எங்க வீட்டுக்கு வந்தாரு, மறுநாள் காலைல ராஜினாமா கொடுக்கறதா இருந்தாரு. நான் சொன்னேன், தம்பி முதல்ல உங்க பழைய கான்ட்ராக்டை போன்ல திறங்க, நோட்டீஸ் பத்தின வரி எங்கன்னு பாருங்க.

அந்த வரிதான் இப்ப திரையில பாக்கறீங்க. "ஒரு காலண்டர் மாத நோட்டீஸ், மாதத்தின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படும்."

இந்த ஒரு வரியில எல்லாமே மாறிடுது. ஆகஸ்ட் 8 லெட்டர் கொடுத்தா நோட்டீஸ் ஆகஸ்ட் 8 ஆரம்பிக்காது, செப்டம்பர் 1 ஆரம்பிச்சு செப்டம்பர் 30 முடியும். புது இடத்துல சேர முடியற முதல் நாள் அக்டோபர் 1. ஜூலை 31-க்குள்ள லெட்டர் கொடுத்திருந்தாதான் செப்டம்பர் 1 சாத்தியம், அது ஒரு வாரம் முன்னாடியே போயிடுச்சு.

கான்ட்ராக்ட்ல நோட்டீஸ் பத்தி ஒண்ணுமே எழுதலைன்னா சட்டத்துல இருக்கறது வரும். 1997-ம் வருஷத்து பேசிக் கண்டிஷன்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட்ல, வேலைக்கு சேர்ந்து ஆறு மாசம் வரைக்கும்னா ஒரு வாரம், ஆறு மாசத்துக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ளன்னா ரெண்டு வாரம், ஒரு வருஷம் ஆயிட்டா நாலு வாரம். நாலு வாரம்னா 28 நாள், எந்த நாள்லேர்ந்தும் ஓடும். அப்படி இருந்திருந்தா இந்த தம்பி ஆகஸ்ட் 8 லெட்டர் கொடுத்து செப்டம்பர் 5 வெளிய வந்திருப்பாரு. அதனால "ஒரு மாசம்"னு வாயால சொல்லாதீங்க, கடைசி நாள் இன்ன தேதின்னு கணக்கு போட்டுட்டு அந்த தேதியை சொல்லுங்க.

[திரையில்: ஆகஸ்ட், செப்டம்பர் காலண்டர். ஆகஸ்ட் 8, ஆகஸ்ட் 29 ரெண்டுலயும் வட்டம். ரெண்டுலேர்ந்தும் அம்புக்குறி செப்டம்பர் 30-க்கு]

இப்ப இதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்க, இதுலதான் தம்பிக்கு ஒரு வசதி இருந்துச்சு. காலண்டர் மாசம்ங்கறதால ஆகஸ்ட் 8 கொடுத்தாலும் செப்டம்பர் 30-தான், ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை கொடுத்தாலும் அதே செப்டம்பர் 30-தான். அப்ப எதுக்கு அவசரம்? மூணு வாரம் கையில இருக்கு, புது கம்பெனிகிட்ட பேசி தேதியை லெட்டர்லயே மாத்தி வாங்கிட்டு அப்புறமா ராஜினாமா கொடுக்கலாம். நிறைய பேர் இதை தலைகீழா பண்றாங்க, பழைய இடத்துல லெட்டர் கொடுத்துட்டு அப்புறம் புது இடத்துல "கொஞ்சம் தள்ளி வரலாமா"ன்னு கேக்கறாங்க. அந்த நேரத்துல அவங்க முடியாதுன்னு சொன்னா இங்கயும் இல்ல அங்கயும் இல்லன்னு நிக்கணும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேக்கற கேள்விக்குத்தான் மதிப்பு. நாலு வார நோட்டீஸ் உள்ளவங்களுக்கு இந்த வசதி கிடையாது, அவங்க ஒரு நாள் தாமதிச்சா கடைசி நாளும் ஒரு நாள் தள்ளிப் போகும்.

ஜெனரல் வொர்க் விசாவுல இங்க இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அந்த விசா ஒரு கம்பெனியோட கட்டுப்பட்டது, புது கம்பெனிக்கான பேப்பர் கையில வராம ராஜினாமாவைப் பத்தியே பேசாதீங்க.

தம்பி வெள்ளிக்கிழமை புது கம்பெனி எச்ஆருக்கு போன் பண்ணாரு. என்ன பேசணும்னு முந்தின நாள் நாங்க உக்காந்து எழுதினோம், அதை அப்படியே சொல்றேன். "மேடம், ஆஃபர் எனக்கு சம்மதம். என் கான்ட்ராக்ட்ல காலண்டர் மாச நோட்டீஸ், அதனால நான் உறுதியா வரக்கூடிய நாள் அக்டோபர் 1. பழைய ஆபீஸ் சீக்கிரம் விட்டா செப்டம்பர் 15 திங்கட்கிழமை வர முடியும், அதை நான் கேட்டுப் பாக்கறேன், ஆனா இப்போதைக்கு அதுக்கு உத்தரவாதம் தர முடியாது. லெட்டர்ல அக்டோபர் 1-ன்னு மாத்திக் கொடுத்தீங்கன்னா இன்னைக்கே கையெழுத்து போட்டுடறேன்." அவ்வளவுதான். மன்னிப்பு கேக்கல, வீட்டுக் கதை சொல்லல, கான்ட்ராக்ட் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூடவே அனுப்பிட்டாரு. தன்னோட சட்டப்படியான நோட்டீஸை முடிச்சுட்டு வர்றேன்னு சொல்றவரை எந்த எச்ஆரும் தப்பா நினைக்க மாட்டாங்க, நாளைக்கு நம்மகிட்டயும் இப்படித்தான் ஒழுங்கா நடந்துப்பாருன்னுதான் நினைப்பாங்க.

அந்த மேடம் திங்கட்கிழமை திரும்பக் கூப்பிட்டாங்க. மேனேஜருக்கு செப்டம்பர் 15 வேணுமாம், பழைய கம்பெனி பணம் கேட்டா பைஅவுட் நாங்க பாத்துக்கறோம்னாங்க.

சரி, பைஅவுட்டுக்கு வருவோம், அதாவது மிச்சம் இருக்கற நோட்டீஸ் நாளுக்கு பணத்தைக் கட்டிட்டு சீக்கிரமே கிளம்பறது. நம்ம ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு முதல்ல ஒரு நினைப்பு இருக்கும், மிச்சம் இருக்கற லீவை நோட்டீஸ்ல கழிச்சுக்கலாம்னு. இங்க நடக்காது. நோட்டீஸ் காலத்துல ஆண்டு லீவு எடுக்க வைக்கவும் கூடாது, எடுக்க விடவும் கூடாதுன்னு அந்த ஆக்ட்லயே 20-வது பிரிவுல இருக்கு. தம்பிக்கு மிச்சம் இருந்த 8 நாள் லீவு கடைசி சம்பளத்தோட பணமாத்தான் வரும்.

அடுத்தது, பணத்தைக் கட்டிட்டா கிளம்பிடலாம்னு ஒரு நினைப்பு. கான்ட்ராக்ட்லயே அப்படி எழுதியிருந்தா ஒழிய, பழைய கம்பெனி சம்மதிச்சாதான் உண்டு. சம்மதிக்காம போனா அது ஒப்பந்தத்தை மீறினது, கோர்ட்டுக்கு போய் நோட்டீஸ் முடிக்க வைக்க அவங்களால முடியும். நேஷன்வைட் ஏர்லைன்ஸ் கேஸ்ல ஒரு பைலட் தன்னோட மூணு மாச நோட்டீஸை வேலை பாத்தே முடிக்கணும்னு கோர்ட் உத்தரவு போட்டுச்சு. எல்லாரையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்கன்னு சொல்லல, ஆனா சவுத் ஆப்பிரிக்கால ஒவ்வொரு துறையும் ரொம்ப சின்ன உலகம்.

சம்மதிக்கறதுலயும் ரெண்டு விதம் இருக்கு, இதைக் கேக்காம விட்டுடாதீங்க. ஒண்ணு, "சரி, 12-ம் தேதி கிளம்பு, அதுக்கு மேல சம்பளம் கிடையாது." இதுல நீங்க கையிலேர்ந்து ஒண்ணும் கொடுக்கல, 15-லேர்ந்து புது இடத்துல சம்பளம் ஓடும். இன்னொண்ணு, "கிளம்பு, ஆனா மிச்ச நாளுக்கான பணத்தைக் கட்டிட்டு போ." இதுதான் பைஅவுட். எப்பவும் முதலாவதைத்தான் முதல்ல கேக்கணும். தம்பி தன்னோட பாஸ்கிட்ட ஹேண்ட்ஓவர் லிஸ்ட்டோட போய் கேட்டாரு, ஆனா அவரு ரெண்டாவதுதான் சொன்னாரு.

[திரையில்: 42,000 ÷ 21.67 × 12 = சுமார் 23,260]

கணக்கு பாருங்க. ஒரு மாசத்துக்கு சராசரியா 21.67 வேலை நாள், மாசச் சம்பளத்தை அதால வகுத்தா ஒரு நாள் சம்பளம், சுமார் 1,938 ரேண்ட். செப்டம்பர் 15-லேர்ந்து 30 வரைக்கும் சனி ஞாயிறு போக, 24-ம் தேதி ஹெரிட்டேஜ் டே பொது விடுமுறை உட்பட 12 நாள். மொத்தம் சுமார் 23,260. புது கம்பெனி உடனே திருத்தின லெட்டர் அனுப்பிட்டாங்க, "நோட்டீஸ் பைஅவுட் 23,260 ரேண்ட், முதல் மாச சம்பளத்தோட." தம்பி சந்தோஷமா கையெழுத்து போடப் போனாரு, நான் நிறுத்தினேன்.

ஏன்னா அது பேரோல் வழியா வருது, சம்பளம் மாதிரியே வரி பிடிப்பாங்க. அந்த வருஷத்துக்கு தம்பியோட மொத்த வருமானம் 5,12,800-ஐ தாண்டிடும், அதனால மேல வர்ற இந்தப் பணத்துக்கு 36 சதவீதம். கைக்கு வர்றது சுமார் 14,890-தான். ஆனா பழைய கம்பெனிக்கு கட்ட வேண்டியது முழு 23,260. மீதி 8,370 சொந்தக் காசு, அதுவும் முதல்லயே கட்டணும். புது கம்பெனி நேரா பழைய கம்பெனிக்கு கட்டினாலும் இந்த வரி போகாது, உங்க கடனை அவங்க அடைச்சதா இங்கத்த வரித்துறை சார்ஸ் அதையும் உங்க வருமானத்துலதான் சேக்கும். வரி போக 23,260 கைக்கு வரணும்னா லெட்டர்ல சுமார் 36,350 இருக்கணும், பேரோல்ல இதை கிராஸ்அப்னு சொல்வோம்.

அதே லெட்டர்ல கீழ சின்ன எழுத்துல இன்னொரு வரி, 12 மாசத்துக்குள்ள வேலையை விட்டா பைஅவுட் முழுசா திருப்பிக் கட்டணும்னு. இந்த மாதிரி வரியைப் பாத்தா ரெண்டு திருத்தம் கேளுங்க: மாசா மாசம் பன்னிரண்டுல ஒரு பங்கு குறையணும், திருப்பறது கைக்கு வந்த தொகையா மட்டும் இருக்கணும்.

பழைய கம்பெனி பக்கமும் பேப்பர் வேணும். கடைசி சம்பளத்துலேர்ந்து பைஅவுட்டை பிடிக்கறாங்கன்னா நீங்க எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாம பிடிக்க முடியாது, அதனால கையெழுத்து போடற தாள்ல தொகை, கடைசி நாள், அதுக்கு மேல பாக்கி எதுவும் இல்லைங்கறது மூணும் இருக்கணும். இதுக்கு நேர்மாறாவும் நடக்கும், லெட்டர் கொடுத்த மறுநாளே "இனிமே வராதே"ன்னு அவங்களே அனுப்பிடுவாங்க. அப்ப நோட்டீஸ் முடியற வரைக்குமான சம்பளம் அவங்கதான் தரணும், வேண்டாம்னு நீங்களா ஒத்துக்கிட்டா தவிர. கோபத்துல அப்படி எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க.

தம்பி எச்ஆருக்கு மெயில் போட்டாரு. செப்டம்பர் 15 வரணும்னா கிராஸ்அப்போட 36,350, இல்லன்னா முதல்ல சொன்ன மாதிரியே அக்டோபர் 1, எதுவா இருந்தாலும் எனக்கு சம்மதம்னு. ரெண்டு நாள் பதில் இல்ல. அந்த ரெண்டு நாளும் அவங்க அம்மா எங்கிட்ட வந்து, பையன் அதிகமா கேட்டுட்டானோன்னு கவலைப்பட்டாங்க. நான் சொன்னேன் அக்கா, பையன் ஒரு ரேண்ட் கூட லாபம் கேக்கல, நஷ்டம் வேண்டாம்னுதான் கேட்டிருக்கான், பயப்படாதீங்க.

மூணாவது நாள் பதில் வந்துச்சு. 12 நாளுக்கு அவ்வளவு செலவு வேண்டாம், மேனேஜர் அக்டோபர் 1-க்கு ஒத்துக்கிட்டாருன்னு சொல்லி புது தேதி போட்ட லெட்டரும் அனுப்பியிருந்தாங்க, பைஅவுட் வரியும் இல்ல, அந்த 12 மாச வரியும் இல்ல. தம்பி அதுல கையெழுத்து போட்டு அனுப்பிட்டு அதுக்கப்புறம்தான் பழைய ஆபீஸ்ல ராஜினாமா கொடுத்தாரு. செப்டம்பர் 30 வரைக்கும் முழுச் சம்பளம், கூட 8 நாள் லீவுப் பணம், மறுநாள் புதன்கிழமை காலைல புது ஆபீஸ்.