புகையே இல்லாம ஃபயர் அலாரம் அடிக்குதா? ரீசெட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம். இன்னைக்கு அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இருக்கிறவங்களுக்கும், ஆபீஸ் பில்டிங்கைப் பார்த்துக்கிறவங்களுக்கும் தேவையான ஒரு விஷயம் பேசப்போறேன். தீ இல்லாமலே ஃபயர் அலாரம் அடிக்கிறது எதனால, அதை எப்படிக் குறைக்கிறது. டிடெக்டரைக் கழட்டாம, மூடாம, ஆஃப் பண்ணாம குறைக்கணும்.

முதல்ல பேனல்கிட்ட நடக்கிற ஒரு தப்பைச் சொல்லிடறேன். அலாரம் அடிக்குது. செக்யூரிட்டி ஓடி வந்து ஹூட்டரை நிறுத்திட்டு, அடுத்த நொடியே ரீசெட்டை அழுத்திடறாரு. சத்தம் நின்னுடுது, எல்லாரும் வேலையைப் பார்க்கப் போயிடறாங்க. ஆனா பல டிடெக்டரை ஒரே ஜோனா சேர்த்துக் காட்டுற பழைய மாதிரி ஜோன் பேனலா இருந்தா, ரீசெட் பண்ணின உடனே எந்த டிடெக்டர் அடிச்சதுங்கிற தடயமே போயிடும். அடிச்ச டிடெக்டர்ல சிவப்பு லைட் விடாம எரிஞ்சுக்கிட்டு இருக்கும், ரீசெட் பண்ணினா அதுவும் அணைஞ்சிடும். ஒரு ஜோன்ல 20 டிடெக்டர் இருந்தா, அப்புறம் எதுன்னு தேடுவீங்க?

அதனால வரிசை இப்படி இருக்கணும். அலாரம் வந்தா அது உண்மைன்னே எடுத்துக்கிட்டு, ஆட்களை வெளியே அனுப்புற ஏற்பாடு நடக்கட்டும். ஒருத்தர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கணும். தீ இல்லைன்னு உறுதியானதும், எரியுற லைட்டைக் கண்டுபிடிச்சு, போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் ரீசெட். ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி நம்பர் இருக்கிற அட்ரஸபிள் பேனலா இருந்தா திரையிலேயே லூப் நம்பரும் டிடெக்டர் நம்பரும் வரும், அதை அப்படியே நோட்டுல எழுதிக்கணும். கூடவே மணி என்ன, மழையா வெயிலா, பக்கத்துல யாரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க, இந்த மூணையும் எழுதுங்க. நோட்டுல "ஃபால்ஸ் அலாரம், ரீசெட் செய்யப்பட்டது"ன்னு மட்டும் எழுதினா அதுல ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏன் மணியும் மழையும் முக்கியம்னா, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு நேரம் உண்டு. காலையில 6லருந்து 8 மணிக்குள்ள அடிச்சா சமையலோ, குளியல் ஆவியோ. ஆபீஸ்ல திங்கட்கிழமை காலை ஏசி போட்ட உடனே அடிச்சா, ரெண்டு நாள் சும்மா கிடந்த டக்ட்ல இருக்கிற தூசி. மழை நாள்ல மட்டும் அடிச்சா, பைப் வழியா தண்ணி இறங்கி டிடெக்டரோட அடித்தட்டுக்கு வந்திருக்கும்; கழட்டிப் பார்த்தா செம்பு முனையில பச்சை பூத்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா சாம்பிராணி. எந்த நேரமும் இல்லாம நடுராத்திரி அடிச்சா பூச்சி உள்ளே போயிருக்கான்னு பாருங்க.

இப்போ டிடெக்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். இன்னைக்குப் பெரும்பாலான கட்டடங்கள்ல இருக்கிறது ஒளியை வச்சு வேலை செய்யுற ஸ்மோக் டிடெக்டர். உள்ளே கறுப்பா ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடுற எல்இடி, இன்னொரு பக்கம் அந்த ஒளி நேரா படாத மாதிரி ஒரு சென்சார். ஜன்னல் வழியா வெயில் விழும்போது காத்துல மிதக்கிற தூசி மின்னுதுல்ல, அதே மாதிரி புகை உள்ளே வந்தா ஒளி சிதறி சென்சார் மேல படும். அதுக்கு அது புகையா, நீராவியா, தாளிக்கிறப்போ எழும்புற எண்ணெய்த் துளியா, சிமெண்ட் தூசியான்னு தெரியாது. சிதறுதா இல்லையா, அவ்வளவுதான் தெரியும். அந்த அறைச் சுவர்ல தூசி படிஞ்சா, புகையே இல்லாதப்போவும் கொஞ்சம் ஒளி எப்பவும் சிதறிக்கிட்டே இருக்கும். அதாவது அது அலாரத்துக்குப் பாதி தூரம் ஏற்கெனவே நடந்து முடிச்சிருக்கும்.

இதை நம்பர்ல பார்க்கலாம். அட்ரஸபிள் பேனல் பலதுல ஒவ்வொரு டிடெக்டரும் என்ன அளவு காட்டுதுன்னு மெனுவுல பார்க்க முடியும். பரவலா இருக்கிற ஒரு வகையில சுத்தமான காத்துல 25, முன்னெச்சரிக்கை 45, அலாரம் 55. உங்க பேனல்ல வேற அளவா இருக்கலாம், ஏஎம்சி ஆளைக் கேளுங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சென்னையில ஒரு அபார்ட்மென்ட், நாலாவது மாடி, 18 மீட்டர் நீள காரிடார். ரெண்டு ஸ்மோக் டிடெக்டர், ஒரு முனையிலருந்து 4.5 மீட்டர்ல ஒண்ணு, 13.5 மீட்டர்ல இன்னொண்ணு. ஒரு மாசத்துல அஞ்சு தடவை அலாரம். நோட்டைப் பார்த்தா அஞ்சும் முதல் டிடெக்டர்தான், அஞ்சும் காலை 6:15க்கும் 7:45க்கும் நடுவுல. மதியம் யாரும் சமைக்காத நேரத்துல பேனல்ல பார்த்தா அது 38 காட்டுது, ரெண்டாவது 26தான் காட்டுது.

இந்த ரெண்டு நம்பர்லயே பாதி விடை இருக்கு. சுத்தமா இருந்தா அலாரத்துக்கு 30 ஏறணும். இதுக்கு 17 ஏறினாலே போதும். ரெண்டாவது டிடெக்டரைச் சும்மா விட்டுட்டுப் போற லேசான தாளிப்புப் புகை, இதை அடிக்க வச்சிடும். தூசி எங்கருந்துன்னு விசாரிச்சா, அதே மாடியில அதுக்குப் பக்கத்துல இருக்கிற வீட்டுல ரெண்டு மாசம் முன்னாடி டைல்ஸ் வெட்டியிருக்காங்க, சுவத்துல பட்டி தேய்ச்சிருக்காங்க. டிடெக்டரை மூடாமலே வேலை நடந்திருக்கு. இன்னொரு பாதி, அந்த வீட்டு வாசக்கதவு டிடெக்டருக்கு நேர் கீழே. பால்கனியும் திறந்து, வாசக்கதவும் திறந்திருந்தா, காத்து சமையல் புகையை நேரா காரிடாருக்குத் தள்ளிடும்.

முதல் வேலை சுத்தம். பேனல்ல அந்த ஒரு அட்ரஸை மட்டும் ஐசோலேட் பண்ணணும், அதாவது சுத்தம் பண்ற நேரம் மட்டும் அலாரம் வராம நிறுத்தி வைக்கணும், மொத்த லூப்பையோ ஜோனையோ இல்லை. மென்மையான பிரஷ் வச்ச வேக்யூம் கிளீனரால முதல்ல வெளிப்பக்கத் துவாரங்களை உறிஞ்சணும். நேரா காத்து அடிச்சா வெளியே இருக்கிற தூசி இன்னும் உள்ளே போயிடும். கம்பெனி அனுமதிச்ச மாடலா இருந்தா மட்டும் மேல் மூடியைத் திறந்து, உள்ளறையை உறிஞ்சி, ஈரமில்லாத காத்தால ஊதலாம். ஈரத்துணி, தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். திரும்ப மாட்டி அளவைப் பாருங்க. 25, 26க்கு இறங்கினா சரி. இறங்கலேன்னா அந்த டிடெக்டரை மாத்திடுங்க. சில பேனல்கள் தூசிக்கு ஏத்த மாதிரி அளவைத் தானாவே சரி பண்ணிக்கும், ஆனா அதுக்கும் எல்லை உண்டு. எல்லை தாண்டினா சுத்தம் பண்ணச் சொல்லி பேனல்ல எச்சரிக்கை வரும். அதை யாருமே கண்டுக்கிறதில்லைங்கிறதுதான் வருத்தம்.

சுத்தம் பண்ணியும் திரும்ப அடிச்சா, குத்தம் டிடெக்டர்லயா இடத்துலயான்னு பிரிச்சுப் பார்க்கணும். ஒரே மாடலா இருந்தா ரெண்டு டிடெக்டரையும் இடம் மாத்தி மாட்டுங்க. அலாரம் டிடெக்டரோடயே போச்சுன்னா டிடெக்டர் கெட்டுப்போச்சு. அதே இடத்துலயே வந்தா இடம்தான் காரணம். ஒரு எச்சரிக்கை: சில மாடல்ல அட்ரஸ் டிடெக்டர்லயே இருக்கும், சிலதுல அடித்தட்டுல இருக்கும். இது தெரியாம மாத்தினா பேனல் காட்டுற இடமே தப்பாயிடும்.

இடம்தான் காரணம்னா நகர்த்தலாம், ஆனா கணக்கு பார்த்து. கூரையோட எந்தப் புள்ளியும் ஒரு ஸ்மோக் டிடெக்டர்லருந்து 7.5 மீட்டருக்குள்ள இருக்கணும்ங்கிறது பரவலா பின்பற்றுற கணக்கு. சுவத்துலருந்து அரை மீட்டராவது, ஏசி காத்து வர்ற வாய்லருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கணும். நம்ம உதாரணத்துல 4.5ல இருக்கிறதை 6 மீட்டருக்குக் கொண்டுபோனா, காரிடாரோட அந்த முனைக்கு 6 மீட்டர்தான், கணக்குக்குள்ளயே இருக்கு. வாசக்கதவுலருந்து ஒன்றரை மீட்டர் விலகிடுச்சு. இதையும் ஃபயர் சிஸ்டம் டிசைன் பண்றவங்க பார்த்து, வரைபடத்துல திருத்தின பிறகுதான் செய்யணும். அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: ஏதாவது கருகினா ஜன்னலைத் திறங்க, எக்ஸாஸ்டைப் போடுங்க, வாசக்கதவைத் திறக்காதீங்க.

வீட்டுக் கிச்சனுக்குள்ளயே ஸ்மோக் டிடெக்டர் மாட்டியிருந்தா, அது தேர்வுலயே தப்பு. அங்கே சுமார் 57 டிகிரி செல்சியஸ்ல வேலை செய்யுற ஹீட் டிடெக்டர் போதும். வெப்பம் வேகமா ஏறினாலே அடிக்கிற வகையை அங்கே போடாதீங்க, ஓவன் கதவைத் திறந்தாலே அடிக்கும். ஆனா காரிடார்லயும் படுக்கையறையிலயும் தொந்தரவுன்னு சொல்லி ஸ்மோக்கை ஹீட்டா மாத்தக் கூடாது. ஹீட் டிடெக்டர் உணர்றதுக்குள்ள காரிடார் முழுக்க புகை நிறைஞ்சிடும். அந்த மாதிரி இடத்துக்குப் புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கிற மல்டிசென்சார் இருக்கு.

வேலை நடக்கிற இடத்துல டிடெக்டருக்குத் தூசி மூடி போடலாம், வேலை நேரம் மட்டும். காலையில ஆறு மூடி கொடுத்தா சாயங்காலம் ஆறும் எண்ணி வாங்கணும். ஏன் இவ்வளவு சொல்றேன்னா, டிடெக்டரைக் கழட்டினா பேனல் ஃபால்ட் காட்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினா பேனலுக்கு அது நல்லா, சுத்தமா இருக்கிற மாதிரியே தெரியும். வேலை முடிஞ்சு மறந்துபோன ஒரு கவரை பேனலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மூடியிருக்கிற நேரம் ஒருத்தர் எக்ஸ்டிங்குஷரோட அங்கேயே நிக்கணும். வெல்டிங் இருந்தா முடிஞ்ச பிறகும் ஒரு மணி நேரம் நிக்கட்டும்.

ஆபீஸுக்கு இன்னொரு வழி உண்டு. முதல் டிடெக்டர் அடிச்சா பேனல் அறையில மட்டும் சத்தம். ஆள் உடனே பேனல்ல பட்டனை அழுத்தி, பார்த்துட்டேன்னு ஒப்புக்கிட்டா, போய்ப் பார்க்க மூணு நிமிஷம். ஒப்புக்கலேன்னாலோ, ரெண்டாவது டிடெக்டர் அடிச்சாலோ, யாராவது கண்ணாடிப் பெட்டியை அழுத்தினாலோ உடனே முழு அலாரம். இதை பேனல்ல ப்ரோக்ராம் பண்ண முடியும், ஆனா பேனல்கிட்ட எந்நேரமும் பழக்கின ஆள் இருந்தாதான் இது சரி. ராத்திரி ஒரே செக்யூரிட்டி கேட்ல இருக்கிற அபார்ட்மென்ட்டுக்கு இதைப் போடவே கூடாது.

போகி அன்னைக்குக் காலையில ஊரே புகையா இருக்கும், எல்லா டிடெக்டரும் சேர்ந்து ஏறும். தானா சரி பண்ணிக்கிறது ரொம்ப மெதுவா நடக்கிற வேலை, ஒரு காலைக்குள்ள அதால ஈடுகட்ட முடியாது. முந்தின வாரமே சுத்தம் பண்ணி வைங்க, ராத்திரியே காரிடார் ஜன்னல்களை மூடுங்க, புகை அடங்குற வரைக்கும் பேனல்ல ஒரு ஆளைக் கூடுதலா போடுங்க.

கடைசியா, சுத்தம் பண்ணினாலும் நகர்த்தினாலும் ஐசோலேஷனை எடுத்துட்டு ஒரு டெஸ்ட் பண்ணணும். அதுக்குன்னே விக்கிற ஸ்மோக் ஸ்ப்ரேயை டிடெக்டர்ல காட்டி, பேனல்ல சரியான இடம் வருதா, ஹூட்டர் அடிக்குதான்னு பாருங்க. ஊதுபத்தியையோ சிகரெட்டையோ காட்டி டெஸ்ட் பண்ண வர்றவரைத் தடுத்துடுங்க. அந்தப் பிசுக்கு உள்ளறையில ஒட்டிக்கும், சுத்தம் பண்ணின அன்னைக்கே அந்த 25 மறுபடி ஏற ஆரம்பிச்சிடும்.