வட்டி குறைந்தும் படகுக்குக் கடன் ஏன் இல்லை?
(மண்டபத்தில் நடந்த மீனவர் கடனுரிமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்திற்குத் தலைமை வகிக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் வேன் பிடித்து வந்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழுத் தாய்மார்களே, தொண்டியிலிருந்து வந்திருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் வணக்கம். இந்தப் பந்தலைப் போட்டுக் கொடுத்த இளைஞர்களுக்குத் தனியே நன்றி. கரைக்காற்றில் அது நிற்கிறதே, அதற்கே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

மூன்று சேதிகள் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். ஒன்று, வங்கியின் மூலதனம். இரண்டு, வாராக்கடன். மூன்று, நமது கூட்டுறவுச் சங்கங்கள். முதலில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழியைச் சொல்லிவிடுகிறேன்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வங்கி விஷயத்தில் அந்தச் சட்டி எது என்பதில்தான் நாம் ஏமாந்து கொண்டிருக்கிறோம்.

2020 மே மாதம் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, 4 சதவீதமாகக் குறைத்தது. இரண்டு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. அந்த நாட்களில் பாம்பனைச் சேர்ந்த ஒரு படகுக்காரரோடு நான் ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். பெயர்கள் வேண்டாம். செய்தியில் வட்டி குறைந்ததைக் கேட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, படகின் பதிவுச் சான்று, ஆதார், பழைய கடனை அடைத்த ரசீது எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மேலாளர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய ரசீதைப் பார்த்து, "ஒரு தவணைகூடத் தவறவில்லையே, ஐயா" என்று மெச்சவும் செய்தார். பிறகு தலைமை அலுவலகச் சுற்றறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். புதிய தவணைக் கடனுக்கு மண்டல அலுவலக அனுமதி வேண்டும், படகு, வாகனக் கடன்களைக் குறைக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

படகுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "வட்டி குறைந்துவிட்டது என்கிறார்கள், வங்கியில் பணம் இல்லையா?" என்றார். மேலாளர் சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை: "பணம் இருக்கிறது அண்ணாச்சி. டெபாசிட் குவிந்து கிடக்கிறது. மூலதனம் இல்லை." இவர் திகைத்துப்போய் எழுந்தார். வெளியே வராண்டாவில் அவருடைய மனைவி நின்றிருந்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதே கிளை, அதே மேலாளர். அரை மணி நேரத்தில் நகைக் கடன் கைக்கு வந்துவிட்டது. கேட்ட தொகையில் கால்வாசிகூட இல்லை, இயந்திரத்தைப் பழுது பார்க்கத்தான் போதுமானதாக இருந்தது.

படகுக்கு இல்லாத பணம் சங்கிலிக்கு எங்கிருந்து வந்தது? அதுதான் இன்றைய பேச்சின் கரு.

மூலதனம் என்றால், பங்குதாரர் போட்ட பணமும் பிரித்துக் கொடுக்காமல் சேர்த்து வைத்த லாபமும்தான் முக்கியமாக. கடன் மூழ்கினால் முதலில் நஷ்டத்தைத் தாங்குவது அதுதான். டெபாசிட் போட்டவருடைய பணம் அடிபடாமல் காப்பதும் அதுதான். உலக அளவில் வங்கி மூலதனத்துக்கான பாசல் விதி 8 சதவீதம் கேட்டால், நம் ரிசர்வ் வங்கி 9 சதவீதம் கேட்கிறது. அதன்மேல் 2.5 சதவீதம் பாதுகாப்புக் கையிருப்பு. 2021 அக்டோபரிலிருந்து அது முழுமையாக நடைமுறையில் உள்ளது. ஆக 11.5 சதவீதம். இதை ஒவ்வொரு கடனின் முழுத் தொகைக்கும் கணக்கிடுவதில்லை, அந்தக் கடன் மூழ்கும் ஆபத்தைப் பொறுத்து அதற்கு வைக்கும் அபாய எடைக்கு ஏற்பத்தான் கணக்கிடுகிறார்கள். அரசுப் பத்திரத்துக்கு எடை பூஜ்யம். நகைக் கடனில் தங்கமே தகுதியுள்ள பிணை, அதனால் மூலதனம் அநேகமாகத் தேவையில்லை. நம்மைப் போன்றவரின் சிறு கடனுக்கு எடை 75 சதவீதம்.

ஒரு படகை வைத்தே கணக்குப் போடுவோம். 2017-இல் இராமேஸ்வரத்தில் தொடங்கிய ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் உங்களுக்குத் தெரியும். அப்போது படகின் விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீனவர் 8 லட்சம், மீதி 16 லட்சம் வங்கிக் கடன். 16 லட்சத்தில் 75 சதவீதம் 12 லட்சம். அதில் 11.5 சதவீதம் 1 லட்சத்து 38 ஆயிரம் ரூபாய். இந்த ஒரு படகுக்காக வங்கி தன் சொந்தப் பணத்தில் அவ்வளவை ஒதுக்க வேண்டும். ரெப்போ 4 ஆனாலும் 6 ஆனாலும் இந்த 1 லட்சத்து 38 ஆயிரத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ரெப்போ என்பது வங்கி வாங்கும் பணத்தின் விலையை மாற்றுகிறது. எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற எல்லையை மூலதனம்தான் போடுகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்றேனே, சட்டி என்பது டெபாசிட் அல்ல, இந்த மூலதனம்.

அன்று வங்கிகள் என்ன செய்தன? பல லட்சம் கோடி ரூபாயை 3.35 சதவீத வட்டிக்கு ரிசர்வ் வங்கியிடமே திருப்பி வைத்தன. அச்சமும் காரணம், கடன் கேட்போர் குறைந்ததும் காரணம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே வைக்கும் பணத்துக்கு அபாய எடை பூஜ்யம். மூலதனமும் வாராக்கடனும் வரம்பு தாண்டி மோசமானதால் இந்தியன் ஓவர்சீஸ், யூகோ, சென்ட்ரல் ஆகிய மூன்று பொதுத்துறை வங்கிகள் அப்போது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதிக்கும் உடனடித் திருத்த நடவடிக்கையில் இருந்தன. முதல் இரண்டும் 2021 செப்டம்பரில்தான் அதிலிருந்து வெளியே வந்தன. நான் சொன்ன கிளையின் வங்கி இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்கே அந்த நிலை.

இனி வாராக்கடன். தவணை தவறி 90 நாள் கடந்தால் கடன் வாராக்கடன் ஆகிறது. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மார்ச் 31 தவணையைக் கட்ட முடியாமல் போனவர், தடை முடிந்து கடலுக்குப் போனபின் இரண்டு வாரத்துக்குள் பணம் புரட்டியாக வேண்டும். புரட்டாவிட்டால் வங்கி அந்தக் கடனில் 15 சதவீதத்தை நஷ்டத்துக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். 16 லட்சம் அப்படியே நிலுவையில் இருந்தால் 2 லட்சத்து 40 ஆயிரம். அது லாபத்திலிருந்து, அதாவது மூலதனத்திலிருந்து போகிறது. வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தப் பணம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் புதுப் படகுக் கடனைத் தாங்கியிருக்கும். ஒருவர் தவறினால் அடுத்த வீட்டுக்காரர் படகும் நிற்பது இப்படித்தான். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளின் கதையை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

மூலதன விதியைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அது உங்கள் டெபாசிட்டுக்குக் காவல். எடையைக் குறைக்கும் வழியைக் கேட்கிறேன். மாநில அரசு உத்தரவாதம் கொடுத்த கடனுக்கு அபாய எடை 20 சதவீதம்தான். அதே 16 லட்சத்துக்கு 36,800 ரூபாய் மூலதனம் போதும். மத்திய அரசு உத்தரவாதம் என்றால் எடை பூஜ்யம். சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் பொறுப்பில் வரும் பகுதிக்கும் பூஜ்யம்தான். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் அப்படியொரு உத்தரவாதத்தைக் கிளையிலேயே கிடைக்கும்படி செய்யுங்கள் என்பது நம் முதல் கோரிக்கை. தடைக்காலத்திலும் அதற்கு முந்தைய மாதத்திலும் தவணை வைக்காதீர்கள், அறுவடைக் காலத்தைப் பார்த்து விவசாயிக்குத் தவணை வைப்பதைப்போல எங்களுக்கும் வையுங்கள் என்பது இரண்டாவது. அதற்கு அரசுக்கு ஒரு காசு செலவில்லை. சட்டியைப் பெரிதாக்க முடியாவிட்டாலும் அகப்பைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருக்கலாமே.

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிப் பேச நேரம் இடம் கொடுக்கவில்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை வைக்கப் போகிறோம். கடன் மறுக்கப்பட்டவர்கள் தேதி போட்டு, காரணம் எழுதிய மறுப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன மறுப்பை ஆட்சியரிடம் காட்ட முடியாது. கடிதமும் படகுப் பதிவுச் சான்றின் நகலும் இருப்பவர்கள், பந்தலின் வலப்பக்க மேசையில் இருக்கும் தம்பிகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.