டை டெஸ்ட் படத்தில் கருக்குழாய் அடைப்பை எப்படிப் பார்ப்பது?

[திரை: எக்ஸ்ரே படம், நடுவில் தலைகீழ் முக்கோணம்]

வணக்கம். நடுவில் தலைகீழாக நிற்கிற இந்த முக்கோணம் கர்ப்பப்பையின் உள்ளறை. அதன் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் ஒரு மெல்லிய கோடு புறப்பட வேண்டும், அதுதான் கருக்குழாய். இந்தப் படத்தில் இரண்டு பக்கமும் கோடே இல்லை. இது 29 வயதுப் பெண் ஒருவரின் எச்.எஸ்.ஜி., அதாவது டை டெஸ்ட் படம், கேமராவுக்காகப் பெயரை மறைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் "இரண்டு குழாயும் மூலையிலேயே அடைப்பு" என்று எழுதி, அடுத்து ஐ.வி.எஃப்.தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்துத்தான் அந்தக் கவரோடு என்னிடம் வந்தார்.

சரி, முதலில் நல்ல படம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம்.

[திரை: இயல்பான படம், கோட்டின் மேல் அம்புக்குறி]

மாதவிலக்கு நின்றபிறகு, முட்டை வெளியாவதற்கு முன்னால், அதாவது மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 6ஆம் நாளிலிருந்து 11ஆம் நாளுக்குள் இந்த டெஸ்டை எடுப்பார்கள். கர்ப்பப்பை வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை வைத்து, அயோடின் கலந்த டையை மெதுவாக உள்ளே விடுவார்கள், பெரும்பாலும் 10 மில்லிக்குள் முடிந்துவிடும். முக்கோணம் நிறைந்ததும் மூலையிலிருந்து டை தையல் நூல் கனத்துக்குக் கிளம்பும், போகப்போகக் குழாய் அகலமாகும், கடைசியில் நுனி வழியாக வயிற்றுக்குள் கொட்டும். அந்தக் கடைசி நொடியைக் கவனியுங்கள், கூர்மையான ஓரம் எதுவும் இல்லாமல், குடல் வளைவுகளுக்கு இடையே புகை மாதிரி பரவுகிறது பாருங்கள். இந்தப் பரவல் தெரிந்தால்தான் குழாய் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியும். சில மெஷின்களில் டை வெள்ளையாகவும் சிலவற்றில் கறுப்பாகவும் தெரியும், அது மெஷின் அமைப்புதான், பயப்பட வேண்டாம்.

[திரை: மீண்டும் முதல் படம்]

இப்போது இந்தப் பெண்ணின் படத்துக்கு வருவோம். டை மூலையிலேயே நின்றுவிட்டது, உண்மைதான். ஆனால் குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழைகிற அந்த இடத்தைச் சுற்றி இருப்பது தசை. டையை வேகமாகத் தள்ளினாலோ, வலியில் உடம்பு இறுகினாலோ, அந்தத் தசை சுருங்கி வாசலை மூடிக்கொள்ளும். நிஜ அடைப்பும் இந்தச் சுருக்கமும் ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்! கொஞ்சம் காத்திருந்து, தசையைத் தளர்த்தும் ஊசி போட்டு, ஒருமுறை குப்புறப் படுக்க வைத்து மறுபடி டையை விட்டுப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். அவர் கொண்டு வந்த கவரில் இரண்டே படங்கள்தான் இருந்தன, இரண்டும் டை உள்ளே போன உடனேயே எடுத்தவை. எனக்கு இதுதான் ஆத்திரமாக வந்தது, ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் அவருக்கு நான்கு மாத அழுகை மிச்சமாகியிருக்கும்.

[திரை: இரண்டாவது டெஸ்ட் படம்]

மறுபடி எடுத்தோம். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை, அப்புறம் ஊசி, டையும் நிதானமாக. இடது குழாய் முழுதாக நிறைந்து புகை பரவியது, அப்படியென்றால் முதலில் பார்த்தது சுருக்கம்தான். வலது பக்கம் டை மூலையைத் தாண்டிப் போனது, ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். கழுத்து மெலிந்து அடி பெருத்த சுரைக்காய் மாதிரி வீங்கி நிற்கிறது, ஓரம் பளிச்சென்று தெரிகிறது, வெளியே ஒரு சொட்டுப் பரவல் இல்லை. சிறிது நேரம் கழித்து எடுத்த படத்திலும் டை அதே பையில் தேங்கியே கிடந்தது. இதை ஹைட்ரோசால்பிங்ஸ் என்பார்கள், நுனி ஒட்டிப்போய் குழாய்க்குள் நீர் கோத்த நிலை. இது சுருக்கம் இல்லை, நிஜமான அடைப்பு. பெரும்பாலும் பழைய தொற்றின் அடையாளம். நம் நாட்டில் காசநோயையும் மனதில் வைக்க வேண்டும், அதில் குழாய் சில நேரம் மணி கோத்தது போலத் துண்டு துண்டாகத் தெரியும்.

சுரைக்காயை ஏன் விட்டுவைக்கக் கூடாது என்றால், அந்த நீர் திரும்பிக் கர்ப்பப்பைக்குள் ஒழுகி, கரு ஒட்டுவதைக் கெடுக்கும், ஐ.வி.எஃப். செய்தாலும் கூட. அதனால்தான் அதற்கு முன் லேப்ராஸ்கோப்பியில் அந்தக் குழாயை எடுத்துவிடுவார்கள், அல்லது கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். இவருக்கு எடுத்தோம். இடது குழாய் திறந்தே இருந்ததால், நேராக ஐ.வி.எஃப். போகாமல் இயல்பாக முயற்சி செய்ய அவருக்கு வழி கிடைத்தது.

டை டெஸ்டால் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்கிற நோய் எண்டோமெட்ரியோசிஸ், குழாய்க்கு வெளியே இருக்கிற அதன் புள்ளிகள் இதில் தெரியவே தெரியாது.

டெஸ்ட் முடிந்தபின் ஒரு நாள் லேசான வலியும் கறையும் இருக்கும். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, கூடிக்கொண்டே போகும் வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். வீங்கிய குழாய் தெரிந்தால் 5 நாள் ஆன்டிபயாட்டிக் தருவது டெஸ்டுக்குப் பிறகு தொற்று வராமல் இருக்கத்தான்.

உங்கள் ரிப்போர்ட்டில் "மூலை அடைப்பு" என்று இருந்தால், படங்கள் மொத்தத்தையும் கேட்டு வாங்குங்கள். ஊசி போட்டார்களா, காத்திருந்து மறுபடி எடுத்தார்களா என்று எடுத்தவரிடமே கேளுங்கள்.