ஆர்கானிக் பால், கிராஸ் ஃபெட் பால், சாதா பால்: கூடக் கொடுக்கிற ரெண்டு வெள்ளிக்கு என்ன கிடைக்குது?

வணக்கம். சூப்பர்மார்க்கெட் பால் ரேக்குக்கு முன்னாடி நின்னு, எந்தப் பாக்கெட்டை எடுக்கிறதுன்னு குழம்புறவங்களுக்குத்தான் இந்த வீடியோ.

கால்சியம், புரதம் ரெண்டையும் முதல்ல முடிச்சிடுறேன். எந்தப் பாலா இருந்தாலும் 100 மில்லிக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம், 3.3 கிராம் புரதம். எலும்புக்காகவோ பிள்ளை வளரணும்னோ ஆர்கானிக் வாங்கினா, அந்தக் காசு வீண்.

உண்மையான வித்தியாசம் கொழுப்புல இருக்கு. பச்சைப் புல்லுல ஒமேகா-3 இருக்கு, மக்காச்சோளத்துல ஒமேகா-6 அதிகம். மாடு எதைத் தின்னுதோ அதோட சாயல் பால் கொழுப்புல தெரியும். ஆனா கொஞ்சமாத்தான் தெரியும். ஏன்னா மாட்டோட முதல் வயித்துல இருக்கிற நுண்ணுயிர்கள் அந்த ஒமேகா-3-ல பெரும்பகுதியை வேற கொழுப்பா மாத்திடும். தப்பிச்சு வர்றதுதான் பாலுக்கு.

எவ்வளவு வருது? அமெரிக்காவில 2018-ல வந்த ஓர் ஆய்வுல, 100 கிராம் பாலுக்கு சாதா பால்ல 20 மில்லிகிராம், ஆர்கானிக்ல 32, முழுக்கப் புல் தின்ற மாட்டுப் பால்ல, அதாவது கிராஸ் ஃபெட்ல, 49. பாதிக்கு மேல கூடன்னு விளம்பரம் சொல்லும், அது பொய்யில்லை. ஆனா 250 மில்லி கிளாஸ்ல பாருங்க: சாதா பாலுக்கும் கிராஸ் ஃபெட்டுக்கும் வித்தியாசம் சுமார் 75 மில்லிகிராம். ஆர்கானிக்குக்கு வெறும் 30. ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 1,100 மில்லிகிராம் வேணும். அரை டீஸ்பூன் ஆளிவிதைப் பொடியை இட்லிப் பொடியோட கலந்தாலே 250-க்கு மேல கிடைச்சிடும்.

இப்ப நம்ம ஊர் விஷயம். அந்த ஆய்வுல சாதா பால்னா பெரும்பாலும் கொட்டகையில தீவனம் தின்ற மாட்டோட பால். சிங்கப்பூர்ல கிடைக்கிற சாதா பால் எல்லாம் அப்படி இல்லை. பாக்கெட்டைத் திருப்பி, எந்த நாட்டுப் பால்னு போட்டிருக்கிற வரியைப் படிங்க. நியூசிலாந்து, ஆஸ்திரேலியான்னா, அங்க மாடுங்க பெரும்பாலும் மேய்ச்சல்லதான் வளருது. அந்த சாதா பாலே பாதிக்கு மேல கிராஸ் ஃபெட் மாதிரிதான். அதுக்குப் பக்கத்துல அதே நாட்டுலேர்ந்து வந்த ஆர்கானிக் பாக்கெட்டை எடுத்தா, ஊட்டச்சத்துல வித்தியாசம் இன்னும் சுருங்கிடும். தாய்லாந்து, மலேசியா பால்னா கொட்டகைத் தீவனம் அதிகம், அங்கதான் கிராஸ் ஃபெட்டோட ஒப்பிடுறதுல அர்த்தம் இருக்கு.

கணக்குப் போடுவோம். சாதா பால் லிட்டர் மூன்றரை வெள்ளி, ஆர்கானிக் ஐந்தரை வெள்ளின்னு வச்சுக்குங்க. நாலு பேர் தினம் ஆளுக்கு ஒரு கிளாஸ்னா, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், மாசத்துக்கு 60 வெள்ளி கூடுதல். அந்தக் காசுக்கு வாரம் ரெண்டு தடவை கானாங்கெளுத்தியோ டின் மத்தியோ சாப்பிட்டாலும் மிச்சம் இருக்கும். மீன்ல இருக்கிறது உடம்பு நேரடியாப் பயன்படுத்திக்கிற வகை ஒமேகா-3. பால்ல இருக்கிறதுல பெரும்பகுதி உடம்பு கொஞ்சமாத்தான் மாத்திக்கிற வகை.

நிறைய பேர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. ஆர்கானிக் பால் வாங்குவாங்க, ஆனா லோ ஃபேட் வாங்குவாங்க. வித்தியாசமே கொழுப்புலதான்னு சொன்னேன்ல? கொழுப்பை எடுத்துட்டா அதுவும் போச்சு. ஸ்கிம் பால்ல ஆர்கானிக்னு இருந்தா, ஒமேகா-3 பேர்ல ஒரு காசும் கூடக் கொடுக்காதீங்க. முன்பக்கம் இருக்கிற நியூட்ரி-கிரேட் எழுத்தும் இதுக்கு உதவாது. அது சர்க்கரையையும் நிறைகொழுப்பையும்தான் பார்க்கும், அதனால முழுக்கொழுப்புப் பால் பெரும்பாலும் சி-தான், ஆர்கானிக்கா இருந்தாலும்.

ஆர்கானிக்ங்கிற வார்த்தைக்கு இங்க விதி இருக்கு, சான்றிதழ் இல்லாம போட முடியாது. ஆனா அந்தச் சான்றிதழ் மாடு எவ்வளவு புல் தின்னுச்சுன்னு முழுசாச் சொல்லாது. அமெரிக்க விதிப்படி மேய்ச்சல் பருவத்துல, அதுவும் குறைஞ்சது 120 நாள், மாடு தின்னுறதுல 30 சதவீதம் புல்வெளியிலேர்ந்து வந்தாப் போதும். கிராஸ் ஃபெட்னு மட்டும் இருந்தா, எத்தனை சதவீதம்னு பாக்கெட்ல தேடுங்க. எண்ணே இல்லைன்னா அந்தச் சொல்லை நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அயோடின். 2016-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல சாதா பால்ல அயோடின் 74 சதவீதம் அதிகம், ஏன்னா தீவனத்தோட தாதுச்சத்து சேர்க்கிறாங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, மீன் சாப்பிடாதவங்க, ஆர்கானிக்குக்கு மாறினா வீட்டு உப்பு அயோடின் சேர்த்ததான்னு பாருங்க. கல்லுப்பும் இந்துப்பும் பெரும்பாலும் அயோடின் சேர்க்காதது.

மாட்டை எப்படி வளர்க்கிறாங்கங்கிறதுக்காக வாங்குறீங்கன்னா, அது உங்க விருப்பம், அதுக்கு விலை கொடுக்கலாம். சத்துக்காகன்னா, நான் எடுக்கிறது நியூசிலாந்து அல்லது ஆஸ்திரேலியா முழுக்கொழுப்பு சாதா பால்.