அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் முழுசா ஒரு ரெக்கார்டிங்

வணக்கம் நேயர்களே. நிகழ்ச்சிக்கு முன்னாடி எல்லாத்தையும் செட் பண்ணி, ஒருதடவை முழுசா ரெக்கார்ட் பண்ணி, திரும்ப ஓட்டிப் பாக்கறதப் பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். உதாரணத்துக்கு பரதநாட்டிய அரங்கேற்றத்த எடுத்துக்கறேன், ஏன்னா சவுண்டு, ஃப்ரேம், நேரம் மூணுலயும் ஒரே சமயத்துல சிக்கல் குடுக்கற நிகழ்ச்சி அது. ஞாயித்துக்கிழமை அரங்கேற்றம், சனிக்கிழமை சாயங்காலம் அதே மேடைல ஒத்திகைன்னு வச்சுக்குவோம்.

நம்மாளுங்க நிறைய பேர் ஒத்திகைல என்ன பண்றாங்கன்னா, கேமராவ ஸ்டாண்டுல நிறுத்தி, ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் போட்டு, கேமரா பின்னாடி இருக்கற குட்டி ஸ்க்ரீன்ல பாத்துட்டு ஓகேன்னு கிளம்பிடறாங்க. அது பத்தாது. அலாரிப்பு நாலஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், வர்ணம் மட்டுமே அரை மணி, நாப்பது நிமிஷம் போகும். போட்டோ கேமராவுலதான் இப்ப பாதி பேர் வீடியோ எடுக்கறாங்க, அதுல பழைய மாடல்கள் பலதும் 29 நிமிஷம் 59 செகண்டுல தானா நின்னுடும். ஐரோப்பாவுல அரை மணிக்கு மேல ரெக்கார்ட் பண்ணினா வீடியோ கேமரான்னு கணக்கு வச்சு வரி போட்டாங்க, அதனால கம்பெனிங்க பண்ணின வேலை அது. எங்கயோ போட்ட வரிக்கு இங்க வர்ணத்தோட கடைசி தீர்மானம், அதாவது முத்தாய்ப்பா வர்ற ஜதி, போயிடும், பாருங்க. ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்தா இது தெரியவே தெரியாது.

கார்டு கணக்கும் அப்படித்தான். செகண்டுக்கு 50 மெகாபிட்னு செட்டிங் வச்சிருந்தா ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி எடுக்கும். 64 ஜிபி கார்டு போட்டா ரெண்டே முக்கால் மணி நேரம் தாண்டினதும் ரொம்பிடும், மூணு மணி நேர நிகழ்ச்சின்னா சரியா தில்லானா ஆடற சமயம். அதனால ஒத்திகைய புஷ்பாஞ்சலில ஆரம்பிச்சு மங்களம் வரைக்கும் நிறுத்தாம எடுங்க, நாளைக்குப் போடப்போற அதே கார்டு, அதே பேட்டரி.

இப்ப சவுண்டுக்கு வருவோம், கொஞ்சம் நின்னு பேச வேண்டிய இடம் இதுதான். பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாம் ஒரு ரகம், நட்டுவாங்கத் தாளம் வேற ரகம். வெண்கலம் மோதற அந்த ஒரு கணம் மீட்டர் படக்குன்னு மேல போய் வரும், பூஜ்யத்தத் தொட்டுச்சுன்னா அந்த இடம் கிழிஞ்சு போனது போனதுதான், எடிட்டிங்ல சுத்தமா மீட்க முடியாது. அதனால ஒத்திகைல சத்தம் உச்சத்துல இருக்கற தீர்மானம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கற மாதிரி லெவல் வச்சுக்கங்க. ஏன் இவ்ளோ இடம் விடணும்னா, ஒத்திகைல பாடறவங்க அரைத் தொண்டைல பாடுவாங்க, நட்டுவனாரும் கைய அடக்கி வாசிப்பார், அடுத்த நாள் ஹால்ல ஆள் நெறஞ்சதும் எல்லாரும் ஒரு படி ஏறிடுவாங்க. முடிஞ்சா ஒரு தீர்மானத்தயாவது நாளைக்கு வாசிக்கற மாதிரியே வாசிங்கன்னு கேட்டுக்கங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

மீட்டர் சரியா இருக்குன்னு நம்பியும் இருந்துட முடியாது. மிக்ஸர்லேந்து வர்றது லைன் சிக்னல், பலமானது. கேமராவுல மைக்கா லைனான்னு தேர்ந்தெடுக்கற சுவிட்ச் மைக்னு இருந்தா உள்ள நுழையற இடத்துலயே நசுங்கிடும், அப்புறம் நீங்க லெவல் குமிழ கொறச்சா மீட்டர் என்னமோ மைனஸ் 12தான் காட்டும், ஆனா கேட்டா கரகரன்னு இருக்கும். காதை மூடற மாதிரி ஹெட்போன் போட்டு ஓட்டிக் கேட்டாதான் பிடிபடும். அதே மாதிரி ஆட்டோ லெவல் ஆன்ல இருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு உருப்படி முடிஞ்சு அடுத்தது தொடங்கறதுக்கு நடுவுல இருக்கற அமைதிய கேளுங்க. தம்பூரா சத்தம் தானா மெள்ள ஏறிக்கிட்டே வந்து, முதல் தாளம் விழுந்த உடனே மொத்த சத்தமும் பொசுக்குன்னு அடங்கினா ஆட்டோ ஓடுதுன்னு அர்த்தம், அத அணைச்சுடுங்க.

இன்னொன்னு, இது ஹெட்போன்லயும் ஏமாத்தும். மிக்ஸரோட பெரிய மூணு பின் கேபிள ஒரு சாதா கன்வர்ட்டர் வச்சு கேமராவோட சின்ன ஜாக்ல சொருகிடுவாங்க. அப்ப இடது பக்கம் ஒரு சிக்னலும் வலது பக்கம் அதுக்கு நேர் தலைகீழான சிக்னலும் போகும். ஹெட்போன்ல கொஞ்சம் ஒரு மாதிரி அகலமா கேக்கும், நல்லா இருக்கேன்னு கூட தோணும். ஆனா பாட்டி வீட்ல ஒத்த ஸ்பீக்கர் இருக்கற மொபைல்ல போட்டா ரெண்டும் சேந்து ஒண்ணையொண்ணு அழிச்சிடும், பொண்ணு ஆடும், பாட்டே இருக்காது. அதனால ஒத்திகை ஃபைல ஒரு நிமிஷம் வெட்டி அந்த மாதிரி ஒத்த ஸ்பீக்கர் மொபைல்ல போட்டு கண்டிப்பா கேளுங்க. சத்தம் காணாம போனா கன்வர்ட்டர மாத்துங்க, அதுக்கு வேற வைத்தியம் தேட வேண்டாம்.

ஃப்ரேம் விஷயத்துல ஒரே விதி, பாதம் வெட்டுப்படக்கூடாது. அடவு பூரா கால்லதான் இருக்கு, கால் இல்லாம முகத்தையும் கையையும் மட்டும் எடுத்துக் குடுத்தா குரு அந்த வீடியோவ திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. ஆடறவங்க நடுவுல நிக்கும்போது ஃப்ரேம் வைக்காதீங்க. மேடையோட முன் விளிம்புக்கு வரச்சொல்லி, ரெண்டு மூலைக்கும் போகச்சொல்லி, கைய மேல தூக்கி ஒரு குதி குதிக்கச்சொல்லி, அத்தனையும் அடங்கற அகலத்த முடிவு பண்ணுங்க. ஒரு மூலைல நடராஜர் சிலை இருக்குமில்ல, ஆரம்பத்துலயே அங்க போய் வணங்குவாங்க, அங்க வெளிச்சம் விழுதான்னும் பாருங்க. ஒத்திகை அன்னிக்கு நாற்காலியெல்லாம் காலி, அதனால கேமராவுக்கு முன்னாடி வரிசைல யாராவது உயரமானவர உக்கார வச்சு, அப்புறம் எழுந்து நடக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. தலை தெரிஞ்சா ஸ்டாண்ட ஏத்தணும், இல்ல கேமராவ ஒரு மேசை மேல வைக்கணும்.

முழு ஃபைலயும் உக்காந்து பாக்க வேண்டியதில்ல. லேப்டாப்லயோ டிவிலயோ போட்டு முதல் நிமிஷம், அந்த அமைதியான இடம், ரெக்கார்டிங்ல முப்பதாவது நிமிஷத்தச் சுத்தி, சத்தமான தீர்மானம், மங்களம், இத மட்டும் பாத்தா போதும். தனி ரெக்கார்டர்ல சவுண்டு எடுக்கறவங்க இன்னொன்னும் பாக்கணும். ஆரம்பத்துல பொண்ணு கால் தட்டற இடத்துல சத்தத்தையும் படத்தையும் சேத்து வச்சுட்டு, கடைசில இன்னொரு தட்டுல அது இன்னும் சேந்து நிக்குதான்னு பாருங்க. ரெண்டு மெஷினும் தனித்தனி கடிகாரத்துல ஓடுது, மூணு மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா நழுவும், சின்ன நழுவல்னாலும் ஜதில பளிச்சுனு தெரிஞ்சிடும்.

பாத்துட்டு ஏதாவது ஒண்ண மாத்தினீங்கன்னா, அது சுவிட்சோ கேபிளோ எதுவா இருந்தாலும், அந்த இடத்த மட்டும் திரும்ப ரெக்கார்ட் பண்ணி திரும்பக் கேளுங்க, ஏன்னா மைக்லேந்து லைனுக்கு மாத்தின உடனே லெவல் ரொம்ப இறங்கியிருக்கும், குமிழ மறுபடி ஏத்தணும். அப்புறம் அந்தக் குமிழ் மேல ஒரு டேப் ஒட்டிடுங்க, அடுத்த நாள் காலைல யாராவது சொந்தக்காரப் பையன் வந்து திருகாம இருக்க. நன்றி, வணக்கம்.